ஒரு ஃபார்முலா, ஒன்பது கட்டங்கள்

எக்செலில் ஒரு சிறிய வட்டிக் கணக்கு போடுவோம். இடது ஓரத்தில் அசல் தொகைகள்: A2-இல் 10,000, A3-இல் 20,000, A4-இல் 50,000. மேல் வரிசையில் ஆண்டு வட்டி விகிதங்கள்: B1-இல் 6%, C1-இல் 7%, D1-இல் 8%. நடுவிலுள்ள ஒன்பது கட்டங்களில் ஓராண்டு வட்டி வரவேண்டும். முதல் கட்டமான B2-இல் இப்படி எழுதுகிறோம்:

```
=A2*B1
```

விடை 600. சரிதான். இனி இதைக் காப்பி செய்து மற்ற எட்டுக் கட்டங்களிலும் ஒட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஒட்டிப் பார்த்தால், பக்கத்திலுள்ள C2-இல் 700 வருவதற்குப் பதில் 42 வருகிறது. கீழே B3-இல் 1,200 வரவேண்டிய இடத்தில் 1 கோடியே 20 லட்சம் நிற்கிறது. அதற்கும் கீழே B4-இல் 60,000 கோடி! திரையில் அதுவே 6E+11 என்றும் தெரியலாம்.

காரணம் எளிது. நாம் A2, B1 என்று எழுதினாலும் எக்செல் அவற்றை நிலையான முகவரிகளாக எடுத்துக்கொள்வதில்லை. "எனக்கு இடப்பக்கம் உள்ள கட்டத்தை, எனக்கு மேலே உள்ள கட்டத்தால் பெருக்கு" என்றுதான் புரிந்துகொள்கிறது. ரிலேட்டிவ் ரெஃபரன்ஸ் என்பது இதைத்தான். ஃபார்முலா C2-க்குப் போனதும் அதற்கு இடப்பக்கம் இருப்பது அசல் அல்ல, சற்றுமுன் கணக்கிட்ட 600. அதை 7 விழுக்காட்டால் பெருக்கினால் 42. B3-க்கு மேலே இருப்பதோ வட்டி விகிதம் அல்ல, அதே 600. 20,000-ஐ 600-ஆல் பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம்.

இதை யாராவது கேட்டால், "டாலர் குறி போட்டுப் பூட்டிவிடு" என்பார்கள். பாதி உண்மைதான். `=$A$2*$B$1` என்று எழுதினால் இரண்டு முகவரிகளும் அசையாமல் நிற்கும். அதுதான் அப்சல்யூட் ரெஃபரன்ஸ். ஆனால் அதை ஒட்டினால் ஒன்பது கட்டங்களிலும் 600 மட்டுமே இருக்கும். எல்லாவற்றையும் பூட்டுவதும் தவறு, எதையும் பூட்டாமல் விடுவதும் தவறு.

ஒவ்வொரு முகவரியையும் தனியே எடுத்து, அதில் எது நகர வேண்டும், எது நகரக் கூடாது என்று கேட்க வேண்டும். அசல் தொகை எப்போதும் A நெடுவரிசையில்தான் இருக்கிறது. ஆகவே எழுத்து மாறக் கூடாது, வரிசை எண் மாறலாம். வட்டி விகிதம் எப்போதும் முதல் வரிசையில் இருக்கிறது. அங்கே எண் மாறக் கூடாது, எழுத்து மாறலாம். டாலர் குறி தன் வலப்பக்கத்தில் உள்ளதை மட்டுமே பூட்டும். அதனால் சரியான ஃபார்முலா:

```
=$A2*B$1
```

இது D4-க்குப் போகும்போது `=$A4*D$1` ஆகிறது. 50,000-க்கு 8 விழுக்காடு, 4,000. ஒன்பதும் சரி.

குறியைக் கையால் தட்ட வேண்டியதில்லை. ஃபார்முலாவை எழுதும்போது கர்சரை முகவரியின் மேல் வைத்து F4-ஐ அழுத்தினால் `$A$2`, `A$2`, `$A2`, `A2` என்று நான்கு வடிவங்களும் வரிசையாகச் சுழலும். சில மடிக்கணினிகளில் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். இன்னொன்று: காப்பி செய்யாமல் வெட்டி ஒட்டினால் முகவரிகள் மாறுவதே இல்லை.

கோடிகள் வந்தால் யாரும் கவனித்துவிடுவார்கள். பயப்பட வேண்டியது நம்பும்படியான தவறுக்கு. ஒரு விலைப்பட்டியலில் E1-இல் தள்ளுபடி 10%, அதற்குக் கீழே E2-இல் வரி 5% இருக்கிறது என்று வையுங்கள். முதல் பொருளுக்கு `=B2*E1` என்று எழுதி, பூட்டாமல் கீழே இழுத்தால் இரண்டாவது பொருளுக்குத் தள்ளுபடி 5 விழுக்காடாகப் போய்விடும். E3 காலியாக இருந்தால் மூன்றாவது பொருளுக்குத் தள்ளுபடியே கிடையாது. எக்செல் இங்கே எச்சரிக்கை காட்டும் என்று நம்பியிருக்க முடியாது. பக்கத்துக் கட்டங்களின் அமைப்பிலிருந்து ஃபார்முலா விலகினால் அது பச்சை முக்கோணம் காட்டும். இங்கே எல்லாக் கட்டங்களிலும் அதே அமைப்பு, ஒரே மாதிரியான தவறு.

எனவே ஒட்டி முடித்ததும் முதல் கட்டத்தைப் பார்க்காதீர்கள். அது எப்படியும் சரியாகத்தான் இருக்கும். கடைசி மூலையிலுள்ள கட்டத்துக்குப் போய் F2-ஐ அழுத்துங்கள். ஃபார்முலா எந்தெந்தக் கட்டங்களை எடுக்கிறதோ அவற்றைச் சுற்றி வண்ணக் கோடு தெரியும். நம் அட்டவணையில் அந்தக் கோடு A4-ஐயும் D1-ஐயும் சுற்றியிருக்க வேண்டும். வேறு எங்காவது இருந்தால் B2-க்குத் திரும்பிப் போய் டாலர் குறியைத் திருத்தி, மீண்டும் ஒட்டுங்கள்.