பத்து நாளின் விலை

"சார், ஒரு பத்து நாள் டைம் குடுங்க, வட்டியைக் கட்டிடுறேன்." திருவண்ணாமலையில் எந்த நகைக்கடன் கவுன்ட்டரிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. பத்து நாளுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

ஒரு கணக்குப் போடுவோம். கல், அரக்கு எல்லாம் கழித்து நகையிலுள்ள தங்கத்தின் மதிப்பு 2,50,000 ரூபாய். 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் உச்சவரம்பு. ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனில் வட்டியும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். எனவே 12 சதவீத வட்டியில் சுமார் 1,89,000 ரூபாய் கையில் கிடைக்கும். ஆண்டு வட்டி 22,680. ஒரு நாளைக்கு 62 ரூபாய். பத்து நாளுக்கு 620 ரூபாய்தான். தாமதக் கட்டணம் இருந்தால் அது தனி.

இந்தச் சொற்பத் தொகைக்கு மேலாளர் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்? அவருக்குப் பயம் வட்டியில் இல்லை, தங்க விலையில். விலை ஒரே ஒரு சதவீதம் இறங்கினால் நகையின் மதிப்பில் 2,500 ரூபாய் போய்விடும். அது நாற்பது நாள் வட்டி! பதினைந்து சதவீதம் இறங்கினால் நகையும் பாக்கியும் ஏறக்குறைய சமமாகிவிடும். ஆகவே விலை ஏறுமுகத்தில் இருக்கும்போது அவகாசம் தருவது அவருக்கு எளிது.

வாடிக்கையாளர் பக்கத்தில் கணக்கு வேறு. அவகாசம் கிடைக்காமல் நகை ஏலத்துக்குப் போனால், ஏலத்தின் தொடக்க விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மதிப்பு மாறவில்லை என்றால் அது 2,25,000. அந்த விலைக்கே போனால் பாக்கி 2,11,680 போக மிச்சம் 13,320. அதிலிருந்து ஏலச் செலவும் கழியும். மீதியை, ஏலத்தொகை முழுதும் வந்த ஏழு வேலை நாட்களுக்குள் தந்தாக வேண்டும். ஆனால் 620 ரூபாய்க்காகத் தவறவிட்டது 25,000 ரூபாய் மதிப்பு. அதே நகையைக் கடையில் வாங்கப்போனால் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் மேலே சேரும்.

இந்த விதிகள் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டியவை; அதற்கு முந்தைய கடன்களுக்குப் பழைய விதிகளே பொருந்தலாம். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான் இவை. தெருமுனை அடகுக்கடைக்குத் தமிழ்நாட்டின் அடகுக்கடைச் சட்டம் தனி.

ஏலத்துக்கு முன் எத்தனை நாள் அவகாசம் என்பது கடன் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு மேல் தருவது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. முதல் ஏலம், கடன் கொடுத்த கிளை இருக்கும் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். அறிவிப்பு தமிழ் நாளிதழிலும் வர வேண்டும்.

வாய்ச்சொல்லாகக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். வட்டியை மட்டும் புரட்ட முடிந்தால், சேர்ந்த வட்டி முழுவதையும் கட்டிக் கடனைப் புதுப்பிக்கக் கோருங்கள். வட்டி கட்டாமல் புதுப்பிக்க விதியில் இடமில்லை.