நாற்காலியின் உயரத்தை மேசைதான் சொல்லும்

'இருக்கை உயரம் 45 முதல் 55 செ.மீ.' என்று அலுவலக நாற்காலியின் பெட்டியில் போட்டிருப்பார்கள். பத்து செ.மீ. ஏறி இறங்குகிறதே, யாருக்கும் சரியாக வரும் என்றுதான் தோன்றும். 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணை அதில் உட்காரவைத்துப் பார்ப்போம். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அவருக்குச் சுமார் 39 செ.மீ. இருக்கும். உட்கார்ந்ததும் மெத்தை இரண்டு செ.மீ. அமுங்கினாலும், இருக்கை 43-க்குக் கீழே போகாது. பாதம் தரையில் முழுசாகப் பதியாமல், இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்தும், கால் மரத்துப்போகும்.

சரி, 39 வரை இறங்கும் நாற்காலியே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். மேசை 75 செ.மீ.யில் நிற்கிறது. அவருடைய முழங்கை இருக்கையிலிருந்து 22 செ.மீ. உயரத்தில் இருந்தால், தரையிலிருந்து 61 செ.மீ.தான். நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்ய வேண்டும். முழங்கை மேசை மட்டத்துக்கு வர, இருக்கை 53-க்கு ஏற வேண்டும். அப்போது கால் 14 செ.மீ. அந்தரத்தில் தொங்கும். அந்த உயரத்துக்கு ஒரு கால்மணை போட்டால் தீர்ந்தது. மேசையை இறக்க முடியாத இடத்தில் வேறு வழியில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தைச் செய்வது நடுத்தண்டில் உள்ள சிலிண்டர். கடைகளில் 'ஹைட்ராலிக்' என்பார்கள்; உள்ளே வேலை செய்வது அழுத்தி அடைத்த நைட்ரஜன். கைப்பிடியை இழுத்தால் வால்வு திறக்கும். ஆள் எழுந்திருந்தால் வாயு இருக்கையைத் தூக்கும். உட்கார்ந்திருந்தால் அவர் எடை அதை இறக்கும். கைப்பிடியைத் தொடாமலே இருக்கை மெல்ல இறங்கினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதில் வாயு நிரப்ப முடியாது, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

முதுகுச் சாய்வில் ஒன்றைப் பார்த்தால் போதும்: இடுப்பு வளைவைத் தாங்கும் மேடு, பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வருகிறதா? உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சரிந்து அந்த வளைவு தட்டையாகிறது. ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். சாய்வைப் பின்னால் தள்ளினால் அந்த அழுத்தம் குறைவதை அவருடைய அளவீடுகள் காட்டின. ஆகவே விறைப்பாக நிமிர்ந்து உட்கார்வதைவிடக் கொஞ்சம் சாய்வதே மேல்.

எடை வரம்பு 110 கிலோ என்றால், அந்த எடையுள்ளவர் நிதானமாக உட்காரலாம். தொப்பென்று விழும்போது விசை அதைவிட அதிகம். சக்கரம் டைல்ஸ் தரைக்கு மென்மையாக இருக்க வேண்டும். கெட்டி நைலான் கம்பளத்துக்கானது; டைல்ஸில் சத்தமிடும், வழுக்கி ஓடும்.

பூட்டுவது அரை மணி வேலை. எல்லா போல்ட்டையும் பாதி முடுக்கிவிட்டு, கடைசியில்தான் இறுக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே இறுக்கினால் மற்ற துளைகள் நேர்படாது. சிலிண்டருக்குத் திருகே கிடையாது. கூம்பு வடிவம் துளையில் உட்கார்ந்து, நம் எடையில் இறுகிக்கொள்ளும். பிறகு கையால் இழுத்தால் வராது. ஐங்கால் சட்டத்திலிருந்து அதைப் பிரிக்க, நாற்காலியைக் கவிழ்த்துவைத்து, அடியில் தெரியும் சிலிண்டரின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்ட வேண்டும். நடுவிலுள்ள ஊசியில் அடி படக்கூடாது.