உணவு கொடுத்தும் உயராத குழந்தை

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளை இளம் வயதிலேயே கண்டறிந்து பயிற்சி அளித்து வருகிறது. இத்தகைய குழந்தைகளின் பின்னணியை ஆராயும்போது குறைப்பிரசவம், பிறப்பின்போது மூச்சுத்திணறல், நெருங்கிய உறவில் திருமணம் ஆகியவை நம் நாட்டில் வழக்கமாக விசாரிக்கப்படுகின்றன. கருவுற்றிருந்தபோது தாய் மது அருந்தினாரா என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

பொருளியலில் குழந்தையின் உயரத்தை வறுமையின் அளவுகோலாகக் கொள்வது வழக்கம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். உணவு குறைந்தால் உயரம் குறையும் என்பது உண்மையே. ஆனால், உயரம் குறைந்த இடத்திலெல்லாம் உணவுதான் காரணம் என்று முடிவுகட்டுவது பிழை.

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது. சிறிது நேரத்தில் கருவின் ரத்தத்திலும் தாயின் ரத்தத்துக்கு இணையான அளவை எட்டிவிடுகிறது. அதைச் சிதைக்கும் ஆற்றல் கருவின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பனிக்குட நீரிலும் மது தேங்குவதால் கரு நீண்ட நேரம் அதற்குள்ளேயே இருக்க நேர்கிறது. செல்கள் பெருக வேண்டிய பருவத்தில் அந்தப் பெருக்கம் தடைபடுகிறது. நஞ்சுக்கொடி வழியாக வரும் ஊட்டமும் குறைகிறது. பிறந்த பிறகு பசியால் மெலிந்த குழந்தைக்கு உணவளித்தால் எடை ஏறும். கருவிலேயே செல்களின் எண்ணிக்கை குறைந்துபோன குழந்தையிடம் உணவு அந்த அளவுக்குப் பலன் தருவதில்லை.

எடுத்துக்காட்டாக, நிறைமாதத்தில் 2.1 கிலோ எடையுடனும் 31 செ.மீ. தலைச் சுற்றளவுடனும் பிறக்கும் ஒரு பெண் குழந்தையைக் கருதுவோம். அங்கன்வாடியில் சத்துமாவு தரப்படுகிறது. தாயும் அக்கறையோடு ஊட்டுகிறார். ஆயினும், ஐந்து வயதில் சராசரியாக 109 செ.மீ. இருக்க வேண்டிய உயரம் 99 செ.மீ.யில் நிற்கிறது. வளர்ச்சி அட்டையில் அவளது கோடு மேலேறுகிறது. ஆனால், மற்றவர்களின் கோட்டை எட்டுவதில்லை. தலையின் அளவும் பின்தங்கியே இருக்கிறது. உணவுப் பற்றாக்குறை பெரும்பாலும் எடையையும் உயரத்தையும் முதலில் தாக்கும். தலையின் வளர்ச்சி ஓரளவு காக்கப்படும். மூன்றும் பிறப்பிலிருந்தே சேர்ந்து குறைந்திருந்தால் காரணம் கருவறையில் இருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும்.

ஐயம் தீர்ப்பாகிவிடாது. ரத்தசோகை, தாயின் உயரக்குறைவு, கருக்காலத் தொற்று, மரபணுக் கோளாறு எனப் பிற காரணங்களும் உண்டு. வளர்ச்சிக் குறைவு பலவற்றால் வரக்கூடியது என்பதாலேயே, கனடாவின் 2015 வழிகாட்டுதல் அதை நோயறியும் அளவுகோல்களிலிருந்து நீக்கியது. கண் பிளவின் நீளக்குறைவு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம் மழுங்கியிருத்தல், மெலிந்த மேலுதடு ஆகிய மூன்று முகக் கூறுகளையும், மூளையின் செயல்பாட்டையும், தாயின் மதுப் பழக்கத்தையும் சேர்த்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். இதனை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை குழந்தைக்கு இல்லை. ஆகவேதான் தாயிடம் கேட்கும் கேள்வி இன்றியமையாததாகிறது.

இந்தப் பாதிப்பு மிக அதிகமாகப் பதிவான பகுதிகளுள் ஒன்று தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணம். அங்குள்ள திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகக் கொடுக்கும் 'டாப்' முறை நெடுங்காலம் நிலவியது; சட்டம் தடுத்த பிறகும் குடிப்பழக்கம் தங்கிவிட்டது. கேப்டவுனில் நடந்த ஆய்வொன்று, கருவில் மதுவுக்கு ஆளாகி, பின்னர் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகையும் உற்ற கைக்குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு கூடுதலாக இருப்பதைக் கண்டது.

நமக்குரிய எச்சரிக்கை இங்குதான் இருக்கிறது. மது அருந்தும் பெண்கள் தமிழகத்தில் மிகச் சிலரே என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. வீட்டுக்கு வந்து கேட்கும் அந்நியரிடம் ஒரு பெண் இதை எளிதில் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு. அதே ஆய்வின்படி கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை உள்ளது. எண்ணிக்கை சிறிதாயினும், மது அருந்துவோரின் குழந்தைகள் இரட்டைச் சுமையோடு பிறக்கக்கூடிய சூழல் இது. கள் உணவுதானே என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. கள்ளில் உள்ளதும் அதே எத்தனால்தான். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் நிறுவப்படவில்லை.

அமெரிக்காவில் மதுப்புட்டிகள் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையை 1989 முதல் தாங்கி வருகின்றன. இந்தியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த எச்சரிக்கை வாசகம் உடல்நலக் கேட்டையும், குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதையும் மட்டுமே குறிப்பிடுகிறது. புட்டியில் ஒரு வரியைச் சேர்க்கலாம். அதனினும் எளியது, கிராம சுகாதார செவிலியர் முதல் கர்ப்பப் பதிவின்போதே, குடும்பத்தார் அருகில் இல்லாத வேளையில், குற்றஞ்சாட்டும் தொனியின்றி இந்தக் கேள்வியையும் கேட்டுப் பதிவது. அன்று கிடைக்கும் பதில் எஞ்சிய மாதங்களைக் காப்பாற்றும். கேட்காமல் விட்டால், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு அந்தக் குழந்தைக்குச் சரியாக ஊட்டவில்லை என்ற பழியையும் அதே தாய்தான் சுமப்பார்.