ஆக்சிமீட்டரில் 99, ஆனாலும் மூச்சுத் திணறல்

இரவு பத்தரை மணி. ஒரு கல்லூரி மாணவியை இரண்டு தோழிகள் தாங்கிப் பிடித்து, மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் அழைத்து வருகிறார்கள். மறுநாள் பரீட்சை. விடுதி அறையில் படித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்பதரை மணிவாக்கில் நெஞ்சு படபடத்திருக்கிறது. மூச்சு போதவில்லை என்று தோன்ற, வேகவேகமாக இழுத்து விட ஆரம்பித்தாள். பத்து நிமிடத்தில் உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போல் இருந்தது. பிறகு விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. தலை கிறுகிறுத்தது. ஆட்டோவில் வரும்போது கை விரல்கள் தானாகவே மடங்கி இறுகிக்கொண்டன. பக்கவாதம் வந்துவிட்டதோ என்று தோழிகள் அரண்டுபோனார்கள்.

செவிலியர் அவள் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் 99 சதவீதம்.

"எனக்கு மூச்சே வரல சிஸ்டர்" என்றாள் அவள். மூச்சு வரத்தான் செய்தது, தேவைக்கு மேல் பல மடங்கு வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. மருத்துவர்கள் இதை ஹைபர்வென்டிலேஷன் என்பார்கள், அதாவது மிகை மூச்சு. அந்தப் பெண்ணின் உடம்பில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே இல்லை. குறைந்திருப்பது, வேண்டாத கழிவு என்று நாம் பள்ளியில் படித்த கரியமில வாயு.

அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் உள்ளே போவது ஏறக்குறைய அரை லிட்டர் காற்று. இந்த அளவிலேயே ரத்தத்தின் ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட முழுக்க ஆக்சிஜனால் நிரம்பிவிடுகிறது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தான் செய்யும். மூச்சை இரட்டிப்பாக்கினாலும் ஆக்சிஜன் கூடுவது அற்பம்.

கரியமில வாயுவின் கணக்கு வேறு. உடம்பு அதை ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் உற்பத்தி செய்கிறது. நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்வரும் காற்று இரண்டு மடங்கானால், ரத்தத்தில் நிற்கும் கரியமில வாயு சில நிமிடங்களில் பாதியை நோக்கி இறங்கிவிடும். ஓடும்போதும் மூச்சு வாங்குகிறதே, அப்போது ஏன் விரல் மதமதப்பதில்லை? ஓடுகிறவரின் தசைகள் கரியமில வாயுவையும் அதே வேகத்தில் உண்டாக்கித் தள்ளுகின்றன. வரவும் செலவும் சரியாகிவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓடுகிறவரைப் போல மூச்சு விட்டால் வரவு இல்லை, செலவு மட்டும்தான்.

அந்த மாணவியின் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். 40 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்க வேண்டிய கரியமில வாயுவின் அழுத்தம் 22 என்று இருக்கும். ரத்தத்தின் அமில, காரத் தன்மையைக் காட்டும் pH எண் 7.40க்குப் பதில் 7.58 ஆக ஏறியிருக்கும். இந்த இரண்டாவது எண் ஏன் ஏறியது என்பதை ஒரு கோலி சோடா சொல்லிவிடும். சோடாவில் நாக்கைக் கடிக்கும் அந்தச் சுள்ளென்ற புளிப்பு, தண்ணீரில் கரைந்த கரியமில வாயு உண்டாக்கும் கார்பானிக் அமிலத்தால் வருவது. திறந்து வைத்துவிட்டால் வாயு போய்விடும், புளிப்பும் போய்விடும். ரத்தத்திலும் இதேதான் நடக்கிறது. வாயு வெளியேற வெளியேற அமிலம் குறைந்து, ரத்தம் காரப் பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வைச் சிறுநீரகம் சரிசெய்ய முடியும், ஆனால் அதற்கு நாள் கணக்கில் ஆகும். மூச்சோ நிமிடக் கணக்கில் வேலையைக் காட்டிவிடுகிறது.

இங்கிருந்து தொல்லை இரண்டு பாதையாகப் பிரிகிறது. ஒன்று விரலுக்குப் போகிறது, மற்றொன்று தலைக்கு.

முதலில் விரல். ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய பாதி எதனோடும் ஒட்டாமல் தனியாகத் திரிகிறது. மீதியில் பெரும்பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. அமிலம் குறையும்போது, ஆல்புமினைப் பிடித்திருந்த ஹைட்ரஜன் அயனிகள் விலகுகின்றன. காலியான அந்த இடங்களில் கால்சியம் போய் உட்கார்ந்துகொள்கிறது. மொத்தக் கால்சியம் மாறுவதில்லை, தனியாகத் திரிவது மட்டும் குறைகிறது. அதனால்தான் ஆய்வகத்தில் மொத்தக் கால்சியத்தை மட்டும் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே காட்டும்.

தனியாகத் திரியும் கால்சியம் நரம்புக்கு ஒரு காவல்காரன். நரம்பிழையின் மேற்பரப்பில் சோடியம் உள்ளே நுழையும் நுண்ணிய கதவுகள் உண்டு. அவை சும்மா திறந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்வது கால்சியத்தின் வேலை. காவல் தளர்ந்தால் யாரும் தொடாமலே கதவு திறக்கும், நரம்பு தானாகச் சேதி அனுப்பும். தொடு உணர்வு நரம்பு இப்படிக் காரணமின்றி அனுப்பும் சேதியைத்தான் மூளை ஊசி குத்தலாகவும் எறும்பு ஊர்வதாகவும் படிக்கிறது. 1991இல் மேஸ்ஃபீல்ட், பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களை வேகமாக மூச்சு விடச் சொல்லி, அவர்களுடைய நரம்பு எவ்வளவு எளிதில் தூண்டப்படுகிறது என்று அளந்தார்கள். மதமதப்பு வந்தபோது உணர்வு நரம்புகள் தாமாகவே துடித்தன. கால்சியக் குறைவு இதில் ஒரு பங்கு. அமிலம் குறைவதே சோடியம் கதவுகளை நேரடியாக இளக்குவதும் உண்டு.

உதடும் விரல் நுனியும் முதலில் சொல்லக் காரணம், தொடு நரம்புகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்கள் அவை. உணர்வு நரம்புகள் முதலில் உளறுகின்றன, அசைவு நரம்புகள் சற்றுத் தாமதமாகச் சேர்ந்துகொள்கின்றன. அப்படிச் சேரும்போது கை இறுகுகிறது. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நீண்டபடியே ஒன்றுசேர்ந்து, கட்டை விரல் உள்ளங்கைக்குள் புகுந்துகொள்ளும். பிரசவம் பார்ப்பவர் கையைக் குவிப்பது போல இருப்பதால் பிரெஞ்சு மருத்துவர்கள் இதற்குப் பேறுகாலம் பார்ப்பவரின் கை என்றே பெயர் வைத்தார்கள். 1920இலேயே கிரான்ட், கோல்ட்மன் என்ற இருவர், நோய் எதுவும் இல்லாத ஆளிடமும் வெறும் மூச்சாலேயே இந்த இறுக்கத்தை வரவழைக்கலாம் என்று பரிசோதித்து எழுதினார்கள்.

தலைச்சுற்றலுக்கும் கால்சியத்துக்கும் அவ்வளவு உறவில்லை. அது குழாயின் கதை.

மூளையின் ரத்தக் குழாய்கள் தங்கள் அகலத்தைக் கரியமில வாயுவைப் பார்த்தே தீர்மானிக்கின்றன. அடுப்பு எரிந்தால் புகை வரும். மூளையின் ஒரு பகுதி உழைத்தால் அங்கே கரியமில வாயு கூடும், குழாய் விரியும், ரத்தம் பாயும். வாயு குறைந்தால் அங்கே வேலையில்லை என்பது போல் குழாய் சுருங்கிக்கொள்கிறது. கரியமில வாயுவின் அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைவதற்கும் மூளைக்குப் போகும் ரத்தம் இரண்டு, மூன்று சதவீதம் குறைகிறது. 1946இல் சீமோர் கெட்டி, கார்ல் ஷ்மிட் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள், சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடைச் சுவாசிக்கச் செய்து, கழுத்துச் சிரையில் எடுத்த ரத்தத்தில் அதை அளந்து, மூளையின் ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். மிகை மூச்சில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. போதாததற்கு, அமிலம் குறைந்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், எளிதில் விடாது. ஆக, விரலில் 99 காட்டும் அதே நேரத்தில் மூளை பட்டினி கிடக்கிறது. கண் மங்குவதும், தலை லேசாகி நிலம் நழுவுவதும் அந்தப் பட்டினியால்தான்.

இந்தச் சுருக்கம் எவ்வளவு நிஜமானது என்பதற்கு ஜப்பானில் ஒரு சாட்சி உண்டு. மோயாமோயா என்ற நோயில் மூளையின் பெரிய தமனிகள் மெல்ல அடைபட்டு, பதிலுக்கு மெல்லிய குழாய்கள் புகைமூட்டம் போல முளைக்கும். அந்தப் பெயருக்கே புகைமூட்டம் போன்றது என்றுதான் பொருள். இந்த நோயுள்ள குழந்தை சூடான நூடுல்ஸை ஊதி ஊதிச் சாப்பிடும்போதோ, அழும்போதோ, மவுத் ஆர்கன் வாசிக்கும்போதோ ஒரு கை, கால் சற்று நேரம் செயலிழந்துவிடும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் ரத்த ஓட்டத்தை அந்த ஊதல் இன்னும் சுருக்கிவிடுவதே காரணம். இ.இ.ஜி. எடுக்கும் அறையில் குழந்தைகளைக் காகிதக் காற்றாடியை மூன்று நிமிடம் ஊதச் சொல்வதும் இதே விளைவை நம்பித்தான். ஒருவகை வலிப்பு இருந்தால் அந்த ஊதலில் திரையில் அகப்பட்டுவிடும். ஆனால் மோயாமோயா இருப்பவரையோ அண்மையில் பக்கவாதம் வந்தவரையோ அப்படி ஊத வைப்பதில்லை.

இனி அந்த மாணவியிடம் திரும்பலாம். அவளைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "நல்லா மூச்ச இழுத்து விடும்மா." அதுதான் நெருப்பில் எண்ணெய். அவள் இழுக்க இழுக்க வாயு இன்னும் இறங்குகிறது, மதமதப்பு கூடுகிறது, பயம் கூடுகிறது, பயம் மூச்சை மேலும் விரட்டுகிறது. சினிமாவில் காட்டுவது போலக் காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடச் சொல்வதும் சரியில்லை. பைக்குள் கரியமில வாயு கூடும்போது ஆக்சிஜன் மளமளவென்று குறைகிறது. 1989இல் காலஹம் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த ஆபத்தை அளந்து எழுதினார். உண்மையில் மாரடைப்போ வேறு நோயோ இருந்த சிலர் பையோடு இறந்ததையும் அதில் பதிவு செய்தார்.

அதனால் மருத்துவரின் முதல் கவலை, மூச்சு வேகத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்பதே. நுரையீரலில் ரத்தக் கட்டி, ஆஸ்துமா, மாரடைப்பு, சர்க்கரை நோய் முற்றி ரத்தம் அமிலமாவது, எல்லாமே மூச்சை விரட்டும். ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே இறங்கினாலோ, காய்ச்சல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீக்கம் இருந்தாலோ இதை வெறும் பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. மரப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்து, வாய் கோணினால் அது பக்கவாதம். மிகை மூச்சின் மதமதப்பு பெரும்பாலும் இரண்டு கைகளிலும், வாயைச் சுற்றியும் ஒன்றாக வரும்.

இ.சி.ஜி.யும் சர்க்கரை அளவும் சரியாக இருந்தன. பணி மருத்துவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். "வாய மூடிக்கோம்மா. மூக்கால மெதுவா நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. நிறைய இழுக்க வேணாம், கொஞ்சம் போதும்." முதல் இரண்டு நிமிடம் அவளால் முடியவில்லை. பிறகு மூச்சு தாளத்துக்கு வந்தது. வாயு மெல்லச் சேர ஆரம்பித்ததும் தலை தெளிந்தது, அடுத்துக் கை இளகியது, கடைசியாக உதட்டு மதமதப்பு போனது. கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

மறுவாரம் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தவளை, உட்கார்ந்தபடியே வேகமாக மூச்சு விட்டுக் காட்டச் சொன்னார் மருத்துவர். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். அவள் நிறுத்திவிட்டு உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அதேதான் டாக்டர்" என்றாள்.