30 மீட்டர் வாட்ச் ஒரு வாளித் தண்ணீரில் தோற்ற கதை

எங்கள் மாமாவின் வாட்சில், பின்மூடியில் ‘வாட்டர் ரெசிஸ்டண்ட் 30 மீட்டர்’ என்று பொறித்திருக்கும். அந்தத் தைரியத்தில் நாலு வருஷம் அதைக் கழற்றாமலே குளித்தார். ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் வருஷம் செல் தீர்ந்து, தெருமுனைக் கடையில் புது செல் போட்டார். அடுத்த வாரம் வெந்நீரில் குளித்துவிட்டு ஏசி அறைக்குள் வந்தால், கண்ணாடியின் உட்பக்கம் பனி பூத்திருக்கிறது. “30 மீட்டர் ஆழம்னு போட்டிருக்கான், ஒரு வாளித் தண்ணிய தாங்கலையே!” என்று அவருக்கு ஆத்திரம்.

அந்த 30 மீட்டர் நீங்கள் இறங்கக்கூடிய ஆழம் அல்ல. சோதனைத் தொட்டியில் கொடுத்த அழுத்தம். 10 மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். 30 மீட்டர், 3 பார், 3 ஏடிஎம் எல்லாம் ஒரே கணக்குதான். சாதாரண வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 22810 தரப்படி, புது வாட்சைச் சுத்தமான தண்ணீரில் அசையாமல் வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பார்க்கிறார்கள். அதுவும் எல்லா வாட்சையும் அல்ல, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். முக்குளிப்போருக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தில்தான் ஒவ்வொரு வாட்சும், பொறித்த அளவைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கப்படுகிறது.

‘நீந்தும்போது கை வீச்சில் அழுத்தம் பல மடங்காகிவிடும், அதனால்தான் 30 மீட்டர் வாட்ச் கெடுகிறது’ என்று கடைக்காரர்களே சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. கையை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினாலும் கூடும் அழுத்தம் சுமார் 0.125 பார், அதாவது ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம். 3 மீட்டர் பலகையிலிருந்து குதித்தால், அந்த வேகத்தின் அழுத்தம் சுமார் 3 மீட்டர் ஆழத்துக்குச் சமம். நீர்ப்பரப்பில் அறைகிற கணத்தில் மட்டும் இதைவிடக் கூடலாம். 30 மீட்டர் எங்கே, இது எங்கே!

அப்படியென்றால் வாட்ச் எதனால் தோற்கிறது? கேஸ்கெட்டால். பின்மூடி, கண்ணாடி, சாவிக்குமிழ் என்று கேஸ் திறந்திருக்கும் இடமெல்லாம் தண்ணீரைத் தடுத்து நிற்பது இந்த மெல்லிய வளையம்தான். பெரும்பாலும் ரப்பர். வயதானால் இறுகும், நசுங்கியே கிடந்து தன் உருவை இழக்கும். சாவிக்குமிழின் வளையம், குமிழை இழுத்துத் தள்ளும் ஒவ்வொரு முறையும் தேயும். பொறித்த எண் புது வளையத்தின் எண். வளையம் கிழடானதைப் பின்மூடி சொல்லாது.

வெந்நீர்க் குளியலில் இதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன. ஒன்று சோப்பும் ஷாம்பூவும். அவை தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், வெறும் தண்ணீர் தயங்கும் இடுக்கிலும் நுரைத்தண்ணீர் புகுந்துவிடும். இன்னொன்று சூடு. கேஸ் சூடாகி உள்காற்று விரியும். பிறகு குளிரும்போது சுருங்கி, வளையத்தில் இடைவெளி இருந்தால் வெளி ஈரத்தை உள்ளே உறிஞ்சும். மாமாவின் கதையில் நடந்தது இதுதான். செல் மாற்றியபோது பின்மூடியைத் திறந்தார்கள். பழைய வளையம் நெளிந்திருக்கலாம், தூசி ஒட்டியிருக்கலாம். அதை மாற்றாமல், கிரீஸும் தடவாமல், மூடியை அழுத்தி மூடிவிட்டார்கள். வாட்ச் ஓடியது. ஆனால் பின்மூடியில் பொறித்திருந்த 30 மீட்டர் அன்றைக்கே போய்விட்டது.

இது தெரிய ஒரு சின்ன சோதனை உண்டு. தரச்சோதனையில் வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர்ச் சொட்டு வைத்து, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு உட்பக்கம் பார்ப்பார்கள். பனி கண்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. கையில் கட்டிச் சூடான வாட்சில் ஒரு சொட்டுக் குளிர்நீர் வைத்து வீட்டிலும் பார்க்கலாம். அவ்வளவு துல்லியமாக இருக்காது, ஆனால் பனி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல சர்வீஸ் கடையில் வாட்சைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டுக் காற்றழுத்தம் ஏற்றி, பிறகு தண்ணீரில் முக்கி, அழுத்தத்தை மெல்ல இறக்குவார்கள். ஓட்டை இருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழிகள் வரிசையாக வரும். உடனே மேலே தூக்கிவிட்டால் உள்ளே தண்ணீர் போகாது.

என் கணக்கு இது. 30 மீட்டர் வாட்சோடு மழையில் நனையலாம், கை கழுவலாம். நீந்த வேண்டாம், ஏனென்றால் வளையம் கொஞ்சம் தளர்ந்தாலே தாங்க மிச்சமில்லை. 50 மீட்டர் என்றால் நீந்தலாம், ஆனால் வளையம் புதிதாக இருக்கவேண்டும். 100 மீட்டர் இருந்தால் நிம்மதி. வெந்நீர்க் குளியலுக்கு எந்த எண்ணையும் நம்பி வாட்ச் கட்டவேண்டாம். தண்ணீருக்குள் சாவிக்குமிழை இழுக்கவே கூடாது. கடலிலிருந்து வந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு வளையத்தின் ஓரத்தில் படிந்து உறுத்தும்.

அடுத்த முறை செல் மாற்றும்போது, புது கேஸ்கெட் போட்டார்களா என்று கேட்டு, பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.