கம்மோடை நகர்த்தும் முன் தரையின் ஆழத்தைப் பாருங்கள்

குளியலறையைப் புதுப்பிக்கும்போது கம்மோடை எதிர்ச் சுவருக்கு மாற்ற முடியுமா என்பதைத் தரைக்குள் இருக்கும் ஆழமே தீர்மானிக்கிறது.

110 மி.மீ. கழிவுக் குழாய் ஒவ்வொரு 40 செ.மீ. நீளத்துக்கும் 1 செ.மீ. இறங்குவது நல்லது. சரிவு மிகவும் குறைந்தால் மலம் வழியில் தங்கி அடைக்கும்.

கம்மோடு 2 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரிவுக்கு 5 செ.மீ., குழாய்க்கு 11, மேலே காங்கிரீட்டுக்கும் டைல்ஸுக்கும் சுமார் 7. ஆக, 23 செ.மீ. தேவை. தளத்தை 30 செ.மீ. தாழ்த்திப் போட்டிருந்தால் இடம் போதும். தாழ்த்தாத தளத்தைக் குடைந்து குழாய் புதைக்கக் கூடாது. கம்பி அறுந்து தளம் பலமிழக்கும். அங்கே தரையை முக்கால் அடி உயர்த்த வேண்டும். இல்லையேல், பின்பக்கம் வெளியேறும் பி-டிராப் கம்மோடை வெளிச்சுவரை ஒட்டி வைத்து, குழாயை வெளியே இறக்கலாம்.

குழாயை மூடும் முன் கொத்தனாரிடம் ரசமட்டம் வைத்துச் சரிவைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிக் கசிவையும் பாருங்கள்.