பிரதியின் எடை

சிதம்பரம் கீழச் சன்னிதியில் ஒரு சிலைக் கடை. ஒரு முழ உயர நடராஜர் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விலையில் மூன்று மடங்கு வித்தியாசம். ஏன் என்று கேட்டேன். "பாத்தா தெரியாது சார். தூக்கிப் பாருங்க" என்றார் கடைக்காரர். தூக்கினேன். ஒன்று கெட்டி வார்ப்பு, மற்றது பொள்ளல். கண்ணுக்கு எட்டாத விஷயம் மணிக்கட்டுக்கு உடனே தெரிந்துவிட்டது.

'பிரதி' என்ற சொல்லை நாம் இங்கே வாசிப்புக்கான எழுத்து என்ற அர்த்தத்தில் புழங்கிப் பழகிவிட்டோம். அதன் பழைய அர்த்தம் நகல். அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசமே இல்லை, எல்லாமே நகல்தான் என்று பேசுவது சிந்தனைக்கு வேண்டுமானால் சௌகரியமாக இருக்கலாம். ஆனால் கோயிலிலிருந்து ஒரு செப்புத் திருமேனி போய், அதே மாதிரி இன்னொன்று அந்த இடத்தில் நிற்கும்போது அந்தப் பேச்சு யாருக்குச் சாதகம் என்று கேட்டாக வேண்டும்.

கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் நடந்தது அதுதான். 1951இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள் ஊர்க் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டன. 1954வாக்கில் நடராஜர் பழுதுபார்க்க வெளியே போனார். திரும்பி வந்தது நகல். அதற்கு அபிஷேகம் ஆயிற்று, அலங்காரம் ஆயிற்று, ஊர் கும்பிட்டது. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி 1965இல் வெளியிட்ட நூலில்தான் கோயிலில் இருப்பது நகல் என்ற செய்தி அச்சில் வந்தது. அசல் பல கை மாறி 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்தது. வழக்கும் சமரசமும் முடிந்து அது இந்தியாவுக்குத் திரும்பியது 1986இல்.

பத்து வருஷம் தினமும் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியாமல் போச்சு? அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. சந்தனம், பட்டு, மாலை எல்லாம் போக பக்தன் பார்ப்பது முகத்தை மட்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு சிலையை நாம் கண்ணால் எதை வைத்து மதிப்பிடுகிறோம்? தாளக் கணக்கு, முத்திரை, திருவாசியின் சுடர்கள், இடையின் வளைவு. நகல் செய்கிற ஸ்தபதிக்கும் இதே இலக்கணம்தான் தெரியும், நம்மைவிட நன்றாகவே தெரியும். நாம் சோதிக்கப்போகிற ஒவ்வொன்றையும் அவர் ஏற்கனவே சரிபார்த்துவிட்டார். கண்ணுக்காகச் செய்யப்பட்ட ஒன்றைக் கண்ணை வைத்தே விசாரிப்பது, சாட்சியையே நீதிபதியாக உட்கார வைப்பது மாதிரி. ஆகவே செய்தவர் கவனிக்காத இடத்திலிருந்துதான் சோதனை தொடங்க வேண்டும்.

முதலாவது எடை. அசலின் மேல் அச்செடுத்து நகல் வார்த்தால் மெழுகு குளிரும்போது கொஞ்சம் சுருங்கும், உலோகம் உறையும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும். இரண்டும் சேர்ந்து நீளத்தில் நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். 80 சென்டிமீட்டர் சிலை 78.4 ஆகும். ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்ததை எந்தக் கண்ணும் பிடிக்காது. ஆனால் நீளம், அகலம், கனம் மூன்றிலும் சுருங்குவதால் பருமன் நூற்றுக்கு ஆறு போலக் குறைந்துவிடும். அசல் 100 கிலோ என்றால் நகல் 94. உலோகமும் வெண்கலமாக இல்லாமல் பித்தளையாக இருந்தால் 91 பக்கம் வந்து நிற்கும். கண்ணுக்கு ஒளிந்த வித்தியாசம் தராசில் ஒன்பது கிலோவாக வெளியே வருகிறது.

விவரமான ஆள் இதற்கும் வழி வைத்திருப்பான். அச்செடுக்காமல் அளவெடுத்துக் கையாலேயே மெழுகுரு செய்யலாம், பீடத்துக்குள் ஈயத்தை ஊற்றி எடையைச் சரிக்கட்டலாம். அப்போது தண்ணீரில் மூழ்கடித்து இன்னொரு முறை நிறுக்க வேண்டும். காற்றில் 100 கிலோ இருப்பது தண்ணீரில் 88.6 காட்டினால், குறைந்த 11.4 கிலோ என்பது 11.4 லிட்டர் பருமன். எடையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி 8.8. ஈயம் கலந்த வெண்கலத்துக்கு அது பொருந்தும். உள்ளே பொள்ளல் இருந்தால் இந்த எண் நன்றாக இறங்கிவிடும். (தினமும் நீராட்டுகிற சாமிதானே, இதில் ஆகமக் குறை ஒன்றும் இருக்க முடியாது.) ஆனால் பித்தளையில் அளவாக ஈயம் சேர்த்தும் அதே 8.8ஐக் கொண்டுவரலாம். எடை பொருந்தாவிட்டால் அது வேறு சிலை. பொருந்தினால், இன்னும் தீரவில்லை என்று மட்டுமே அர்த்தம்.

இரண்டாவது உலோகம். இங்கே நம்மில் பலர், போராடுகிறவர்கள் உட்பட, ஒரு தப்புச் செய்கிறோம். "பஞ்சலோகம் என்கிறார்கள், தங்கமே இல்லை, அப்படியானால் போலி" என்று கிளம்பிவிடுகிறோம். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை ரசாயன முறையில் ஆராய்ந்த சாரதா சீனிவாசனின் முடிவுகள் இதற்கு நேர் எதிர். சோழர் காலத்துப் படிமங்கள் பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தவை. தங்கமும் வெள்ளியும் சொற்பமாகத்தான் தட்டுப்படுகின்றன. எனவே தங்கம் இல்லாதது போலிக்குச் சாட்சி ஆகாது. கேட்க வேண்டிய கேள்வி துத்தநாகம் எவ்வளவு என்பது. இன்றைய வார்ப்பில் செம்போடு பித்தளை சேர்ப்பது வழக்கம், பித்தளை வந்தால் துத்தநாகமும் கூடவே வரும். சோழர் சிலை என்று சொல்லப்படுவதில் துத்தநாகம் ஏராளமாக இருந்து வெள்ளீயம் அநேகமாக இல்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது.

எக்ஸ் கதிர்க் கருவியை மேலே வைத்துப் பார்த்தால் நிமிஷத்தில் எண்கள் வந்துவிடும். ஆனால் அது மேல்தோலை மட்டுமே படிக்கும். நூற்றாண்டுகளின் எண்ணெய், பால், புளி, களிம்பு எல்லாம் அந்தத் தோலில் இருக்கின்றன. பீடத்தின் அடியில் கண்ணுக்குப் படாத இடத்தில் துளியளவு தூள் சுரண்டி எடுத்துச் சோதித்தால்தான் உள் உலோகம் பேசும். காரீயத்தில் இன்னொரு கடிகாரமும் இருக்கிறது. தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்த காரீயத்தில் கதிரியக்கமுள்ள ஈயம்-210 கொஞ்சம் தங்கியிருக்கும். ஏறக்குறைய 22 வருஷத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். நூறு வருஷத்துக்கு மேலானால் அளவிட மிச்சமிருக்காது. ஆயிரம் வருஷச் சிலை என்று சொல்லிக்கொள்வதில் அது இருந்தால் கதை முடிந்தது. பழைய பாத்திரத்தை உருக்கி வார்த்திருந்தால் மட்டும் இதுவும் ஏமாறும். ஒவ்வொரு சோதனைக்கும் 'இல்லை' என்று சொல்லத் தெரியும். 'ஆம்' என்று சொல்ல ஒன்றுக்கும் தெரியாது.

கடலூர் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரி கற்சிலை 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. கோயில் மாடத்தில் வேறொரு சிலை நின்றது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1974இல் எடுத்து வைத்திருந்த புகைப்படம் இருந்ததால் அசல் இன்னதென்று நிறுவ முடிந்தது. 2014இல் சிலை திரும்பியது. கண் இங்கே ஜெயித்ததே என்று கேட்கலாம். ஜெயித்தது முந்திய பதிவு. ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் தராசும் ஊமைதான். இன்று 94 கிலோ என்பது, அன்று 100 என்று யாராவது எழுதி வைத்திருந்தால் மட்டுமே சாட்சி.

யார் எழுதி வைத்தார்கள்? 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 29ஆம் பிரிவு கோயில் பதிவேட்டைப் பற்றிப் பேசுகிறது. நகைக்கும் பொன் வெள்ளிக்கும் எடை வேண்டும், என்னென்ன கலந்தது என்று வேண்டும் என்கிறது. விக்கிரகங்களுக்கு 'விவரம்' போதும் என்று விட்டுவிடுகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய தஞ்சைக் கல்வெட்டுகளிலும் நகைகளை நிறுத்தார்கள், செப்புத் திருமேனிகளுக்குப் பெரும்பாலும் உயரத்தையும் கைகளின் எண்ணிக்கையையும் எழுதினார்கள். அவர்கள் பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான். ஆடுகிறவன் பெயரால் பொன்னையெல்லாம் நிறுத்தோம். ஆடுகிறவனை மட்டும் நிறுக்காமல் விட்டுவிட்டோம்.